பில்லில் அடித்தல் திருத்தல்: எந்தத் தொகை செல்லும்?

கம்பி லோடு இறங்கிய மறுநாள் கணக்கு எழுதுபவரின் மேஜைக்கு வரும் பில்லில் அச்சான தொகை ஒன்று இருக்கும். அதன் மேல் பேனாக் கோடு, பக்கத்தில் வேறு தொகை. அடியில் ஒரு கழித்தல், அதற்கும் அடியில் ஒரு கூட்டல், கடைசியில் வட்டம் போட்ட இன்னொரு தொகை. டேலியில் ஏற்ற உட்காருபவர் பெரும்பாலும் அந்த வட்டத்துக்குள் இருப்பதையே எடுத்துப் போட்டுவிடுவார். கடைசியாக எழுதியதுதானே முடிவான தொகை என்ற எண்ணம். ஆனால் வட்டத்துக்குள் இருப்பது பல நேரம் பில் தொகையே அல்ல.

இங்கே ஒரே ஒரு வகையை எடுத்துக்கொண்டு கடைசி வரை பார்ப்போம். ஜி.எஸ்.டி. பதிவு உள்ள கடை, பதிவு உள்ள வாடிக்கையாளர், கம்ப்யூட்டரில் அடித்த வரி பில், எடை குறைந்ததால் பேனாவில் திருத்தம். ராயக்கோட்டை தக்காளி மண்டிச் சீட்டையோ மாங்காய் மண்டிப் பட்டியையோ இதோடு சேர்க்காதீர்கள். அங்கே அச்சானது வெறும் படிவம், பேனாவில் எழுதுவதுதான் பில். கம்ப்யூட்டர் பில்லில் அச்சானதுதான் பில். பேனாவில் இருப்பது அதன் மேல் யாரோ சொல்லும் ஒரு சேதி. அந்தச் சேதி யாருடையது, எதைப் பற்றியது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

உதாரண பில்

தர்மபுரியில் ஓர் இரும்புக் கடை. காவேரிப்பட்டினத்தில் வேலை எடுத்திருக்கும் கட்டட கான்ட்ராக்டருக்குச் சரக்கு போகிறது. பில்லில் அச்சானது இப்படி:

| விவரம் | அளவு | விலை (ரூ.) | தொகை (ரூ.) |
|---|---|---|---|
| முறுக்குக் கம்பி 12 மி.மீ. | 1,500 கிலோ | 62 | 93,000 |
| முறுக்குக் கம்பி 8 மி.மீ. | 500 கிலோ | 64 | 32,000 |
| கட்டுக்கம்பி | 25 கிலோ | 80 | 2,000 |
| வரிக்கு முந்தைய மதிப்பு | | | 1,27,000 |
| சி.ஜி.எஸ்.டி. 9% | | | 11,430 |
| எஸ்.ஜி.எஸ்.டி. 9% | | | 11,430 |
| மொத்தம் | | | 1,49,860 |

தொகையை எழுத்தாலும் அச்சடித்திருக்கிறது: ஒரு லட்சத்து நாற்பத்தொன்பதாயிரத்து எண்ணூற்று அறுபது ரூபாய்.

பேனாவில் இருப்பவை: 12 மி.மீ. வரிசையில் 1,500 அடிக்கப்பட்டு 1,460 என்று இருக்கிறது, பக்கத்தில் ஒரு சுருக்கொப்பம். 93,000 அடித்து 90,520. மொத்தத்தில் 1,49,860 அடித்து 1,47,380. அங்கே ஒப்பம் இல்லை. வரி வரிசைகளில் யாரும் கை வைக்கவில்லை. கீழே ‘வரவு 50,000’, அதன் அடியில் 97,380. பிறகு ‘ப.பா. 12,400’, வட்டத்துக்குள் 1,09,780. ஓரத்தில் சாய்வாக ‘வண்டி 1,800’.

ஒரு பக்கத்தில் இத்தனை தொகைகள். எதை ஏற்றுவது?

முதல் வேலை: பேனா எழுத்தை இரண்டாகப் பிரியுங்கள்

பில்லின் மேல் நீங்கள் எதையும் எழுதுவதற்கு முன் ஒரு ஜெராக்ஸ் எடுங்கள், அல்லது போனில் நேராக ஒரு படம். உங்கள் டிக் குறிகூட அசலில் விழ வேண்டாம். விழுந்துவிட்டால் இன்னும் ஆறு மாதம் கழித்து, அது கடைக்காரர் போட்டதா நாம் போட்டதா என்று யாருக்கும் தெரியாது.

இப்போது ஜெராக்ஸில், பேனாவில் உள்ள ஒவ்வோர் எண்ணையும் பார்த்து ஒரு கேள்வி கேளுங்கள்: இது அச்சான ஓர் எண்ணுக்குப் பதிலாக வந்ததா, அல்லது புதிதாகச் சேர்ந்ததா? பதிலாக வந்தது என்றால் அச்சான எண் மேல் கோடு இருக்க வேண்டும், அல்லது அம்புக்குறியாவது இருக்க வேண்டும். எந்த எண்ணையும் அடிக்காமல் தனியாக நிற்பது திருத்தம் அல்ல, குறிப்பு.

நம் பில்லில் திருத்தங்கள் மூன்றுதான்: 1,460, 90,520, 1,47,380. மற்ற எல்லாம் குறிப்புகள். ‘வரவு 50,000’ என்பது கடைக்காரர் வாங்கிக்கொண்ட பணம். அது பில் தொகையைக் குறைக்காது, பாக்கியைத்தான் குறைக்கும். ‘ப.பா.’ பழைய பாக்கி, இந்தப் பில்லுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வட்டத்துக்குள் உள்ள 1,09,780, கடைக்காரர் தன் நோட்டுப்படி அன்றைக்கு உங்களிடம் வர வேண்டியது என்று போட்ட கணக்கு. அதைக் கொள்முதலாக ஏற்றினால் பழைய பில் ஒன்றின் பாக்கி இரண்டாம் முறை கணக்கில் ஏறும், கொடுத்த 50,000 கொள்முதலில் காணாமல் போகும்.

‘வண்டி 1,800’ கொஞ்சம் சிக்கலானது. இது எந்தக் கூட்டலிலும் சேரவில்லை என்பதைக் கவனியுங்கள்: 97,380-உம் 12,400-உம் கூட்டினால் சரியாக 1,09,780 வருகிறது. ஆகவே வாடகை டிரைவரிடம் நேரில் கொடுத்தது, அல்லது கொடுக்க வேண்டியது. கடைக்கணக்கில் அதை ஏற்றக் கூடாது, தனி வவுச்சர் போட வேண்டும். ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி எழுதியிருந்தாலும் இதே சோதனைதான்: கீழே உள்ள கூட்டலில் சேர்ந்திருக்கிறதா என்று கூட்டிப் பார்த்தால் யாருக்குப் போன பணம் என்று தெரிந்துவிடும்.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வரும் பில்களில் இந்தக் குறிப்புகள் கன்னடத்திலோ தெலுங்கிலோ இருக்கும். எண் புரிந்துவிடும், பக்கத்தில் உள்ள சொல் புரியாது. ஊகிக்காதீர்கள். வரவா பாக்கியா என்பது அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது.

இரண்டாவது: வரிசையிலிருந்து கீழ்நோக்கிக் கணக்குப் போடுங்கள்

மொத்தத்தில் தொடங்கி மேலே போகாதீர்கள். திருத்துபவர் கவனமாக இருப்பது அளவு வரிசையில்தான், ஏனென்றால் அங்கேதான் தகராறு நடந்திருக்கும். கீழே வர வர அவசரம் கூடும்.

1,460 கிலோவை 62-ஆல் பெருக்கினால் 90,520. வரிசை சரி. மற்ற இரண்டையும் சேர்த்தால் 1,24,520. இதற்கு 9% என்றால் 11,206.80. இரண்டு வரியும் சேர்ந்து 22,413.60. மொத்தம் 1,46,933.60, ரவுண்ட் ஆஃப் செய்தால் 1,46,934.

பேனாவில் இருப்பதோ 1,47,380. வித்தியாசம் 446 ரூபாய் சொச்சம். குறைந்த 40 கிலோவின் விலை 2,480. அதற்கு 18% வரி 446.40. திருத்தியவர் என்ன செய்தார் என்பது இதிலேயே தெரிகிறது: பழைய மொத்தத்திலிருந்து 2,480-ஐ மட்டும் கழித்தார், அதன் மேலிருந்த வரியை விட்டுவிட்டார். இது மிக மிகச் சாதாரணமாக நடப்பது. அடித்தல் திருத்தல் உள்ள பில்லில் மொத்தம் ஒத்துவரவில்லை என்றால் முதலில் வித்தியாசத்தை 0.18-ஆல் வகுத்துப் பாருங்கள். விடை குறைந்த சரக்கின் விலையாக வந்தால் காரணம் இதுதான். இங்கே 446.40-ஐ 0.18-ஆல் வகுத்தால் 2,480.

வித்தியாசம் ஒரு ரூபாய்க்கும் குறைவாக இருந்தால் அது ரவுண்ட் ஆஃப், விட்டுவிடலாம். வித்தியாசம் 9-ஆல் மீதியில்லாமல் வகுபட்டால் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம்: 1,46,934-ஐ 1,46,943 என்று எழுதுவது போல. இந்தச் சோதனை சந்தேகம் கொள்ள உதவும், தீர்ப்பு சொல்ல உதவாது.

கோடு போடாமல் எண்ணின் மேலேயே எண் எழுதியிருந்தால் கண்ணை நம்பக் கூடாது. 1 ஏழாகும், 3 எட்டாகும், 5 ஆறாகும், 0 ஆறோ ஒன்பதோ ஆகும். அப்படிப்பட்ட எண்ணை x என்று வைத்துக்கொண்டு மற்ற இரண்டிலிருந்து கண்டுபிடியுங்கள். தொகையை விலையால் வகுத்தால் அளவு வரும். அளவு முழு எண்ணாக, எடைச்சீட்டோடு ஒத்து வந்தால் உங்கள் வாசிப்பு சரி. வகுத்தால் 1,437.09 என்பது போல வந்தால் வேறு ஏதோ எண் தப்பு.

மூன்றாவது: யார் எழுதியது, எப்போது எழுதியது

கணக்கு ஒத்துவந்துவிட்டால் மட்டும் திருத்தம் செல்லாது. நன்றாகக் கணக்குத் தெரிந்த ஆள் தப்பான திருத்தத்தையும் சரியாகவே கூட்டுவார்.

ஒப்பத்தைப் பார்க்கும்போது ஒரே ஓர் அளவுகோல் போதும்: இந்தத் திருத்தத்தால் யாருக்குப் பணம் குறைகிறதோ, அவர் தரப்பு ஒப்பம் இருக்கிறதா? தொகை குறைந்தால் கடைக்காரர் ஒப்பம் வேண்டும். தொகை கூடினால் வாங்குபவர் ஒப்பம் வேண்டும். லாபம் அடைகிறவர் தானே திருத்தித் தானே ஒப்பமிட்டது வெறும் கோரிக்கை.

நம் பில்லில் 1,460 பக்கத்தில் இருப்பது லாரியோடு வந்த ஆளின் ஒப்பம் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மதிப்பு உண்டு, ஆனால் அளவோடு. இறங்கியது இவ்வளவுதான் என்பதற்கு அவர் சாட்சி. பில் தொகையைக் குறைக்க அவருக்கு அதிகாரம் இருக்காது. மொத்தத்துக்குப் பக்கத்தில் ஒப்பம் இல்லாததும் இதனால்தான் இருக்கலாம்.

அளவுக்கு இன்னொரு சாட்சி எடைமேடைச் சீட்டு. லோடோடு 5,045, வெறும் வண்டி 3,060, நிகரம் 1,985 கிலோ என்று சீட்டு சொல்கிறது. திருத்திய பில்லில் 1,460-உம் 500-உம் 25-உம் சேர்ந்தால் அதே 1,985. பொருந்துகிறது. எடைமேடை 5 கிலோ அல்லது 10 கிலோ படியில்தான் காட்டும் என்பதை மறக்க வேண்டாம். 40 கிலோ குறைவை அது நிச்சயமாகக் காட்டும். 8 கிலோ குறைவு என்று யாராவது பில்லைத் திருத்தியிருந்தால் அந்தச் சீட்டை வைத்து வாதாட முடியாது.

சீட்டு மொத்த எடையைத்தான் சொல்லும், குறைந்தது 12 மி.மீ.யா 8 மி.மீ.யா என்று சொல்லாது. விலை வேறாக இருப்பதால் அதுவும் தெரிய வேண்டும். கம்பியை எண்ணினால் தெரியும். 12 மீட்டர் நீளமுள்ள 12 மி.மீ. கம்பி ஒன்று சுமார் 10.66 கிலோ, 8 மி.மீ. சுமார் 4.74 கிலோ. 40 கிலோ என்பது 12 மி.மீ.யில் கிட்டத்தட்ட நான்கு கம்பி. 8 மி.மீ.யில் எட்டுக்கும் மேல். உருட்டும்போது கம்பியின் எடை கொஞ்சம் கூடும் குறையும், ஆகவே எண்ணிக்கையால் எடையை முடிவு செய்யாதீர்கள். எந்த ரகம் குறைந்தது என்று அறிய மட்டும் எண்ணிக்கை போதும்.

எப்போது எழுதியது என்பதை, சரக்கு கிளம்பும் முன் அரசுத் தளத்தில் எடுக்கும் இ-வே பில் காட்டிக்கொடுக்கும். தமிழ்நாட்டுக்குள் ஓடும் சரக்குக்கு வரியோடு சேர்ந்த மதிப்பு 1 லட்ச ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் வேண்டும். நம் லோடு தாண்டுகிறது. இ-வே பில்லில் 1,49,860 இருந்தால் வண்டி கிளம்பும்போது பில் அப்படியேதான் இருந்தது, திருத்தம் இறக்கிய இடத்தில் நடந்தது. கடையிலேயே கிளம்புவதற்கு முன் திருத்தியதாக யாராவது சொன்னால் இ-வே பில் அதை மறுக்கும். கடையில் வைத்தே குறைவு தெரிந்திருந்தால் அவர்கள் பேனா எடுத்ததே தப்பு. அந்தப் பில்லை ரத்து செய்து புதியது அடித்திருக்க வேண்டும்.

ஆண்டு வியாபாரம் 5 கோடியைத் தாண்டிய கடை என்றால் பில்லில் க்யூ.ஆர். கட்டம் இருக்கும். இது இ-இன்வாய்ஸ். அந்தக் கட்டத்துக்குள் விற்பவர், வாங்குபவரின் ஜி.எஸ்.டி. எண்கள், பில் எண், தேதி இவற்றோடு பில்லின் மொத்த மதிப்பும் அடங்கியிருக்கிறது. பேனா அதைத் தொடவே முடியாது. அதைச் சரிபார்க்கும் அரசு ஆப்பில் ஸ்கேன் செய்தால் அரசாங்கத்தில் பதிவான தொகை தெரியும். பதிவு செய்த 24 மணி நேரத்துக்குள் கடைக்காரர் அதை ரத்து செய்யலாம். அதற்குள் உங்கள் போன் அவருக்குப் போய்விட்டால் புதிய எண்ணில் சுத்தமான பில் கேட்டுவிடலாம். அதற்குப் பின், பில் தொகையைக் குறைத்துக் கடைக்காரர் தரும் கிரெடிட் நோட் ஒன்றுதான் வழி.

இன்னொரு சோதனை மிக எளிது, பலரும் செய்வதில்லை. சரக்கு பில் மூன்று பிரதியாக இருக்க வேண்டும்: அசல் வாங்குபவருக்கு, இரண்டாவது வண்டிக்கு, மூன்றாவது கடைக்கு. கடையில் உள்ள மூன்றாம் பிரதியைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதிலும் அதே திருத்தம் இருந்தால் கடைக்காரருக்குத் தெரிந்து நடந்தது. இல்லை என்றால் அவர் கணக்கில் இன்னும் 1,49,860 தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

‘எழுத்தால் உள்ளதே செல்லும்’ என்பது பில்லுக்கு அல்ல

எண்ணும் எழுத்தும் மாறுபட்டால் எழுத்தே செல்லும் என்று 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 18-ஆம் பிரிவு சொல்கிறது. அது செக், புரோநோட்டு, உண்டியல் ஆகியவற்றுக்கு. பாங்கில் இதைப் பார்த்துப் பழகியவர்கள் பில்லிலும் எழுத்தை நம்பி 1,49,860 என்று முடிவு செய்துவிடுவதுண்டு. பில்லில் எழுத்துத் தொகை திருத்தப்படாமல் இருப்பதற்கு ஒரே பொருள், திருத்தியவர் அதுவரை வரவில்லை என்பதுதான். வரி வரிசைகளைத் தொடாமல் விட்டது போலவே.

நான்காவது: ஒரு தொகை அல்ல, மூன்று

‘எந்தத் தொகை செல்லும்’ என்ற கேள்விக்கு ஒற்றை விடை தேடுவதால்தான் குழப்பம். ஒரே பில்லில் மூன்று கேள்விகள் இருக்கின்றன, மூன்றுக்கும் விடை வேறு.

கடைக்காரர் எவ்வளவுக்குப் பில் போட்டார்? 1,49,860. இது அச்சானது. அவர் கிரெடிட் நோட் போடும் வரை வரிச் சட்டத்தின் கண்ணில் இதுதான் பில்.

நமக்கு எவ்வளவு வந்தது? 1,460, 500, 25 கிலோ. இருப்பில் ஏறுவது இதுதான், இதில் பேச்சே இல்லை.

நாம் எவ்வளவு தர வேண்டும்? 1,46,934. அச்சானதும் அல்ல, பேனாவில் உள்ளதும் அல்ல. பேனாத் திருத்தத்தின் காரணத்தை ஏற்று, அதன் கணக்கைத் திருத்தி வந்தது. இதைக் கடைக்காரர் ஒத்துக்கொள்ள வேண்டும். வாட்ஸப்பில் இரண்டு வரி போதும்:

‘பில் எண் இன்னது, தேதி இன்னது. 12 மி.மீ. கம்பி 40 கிலோ குறைவு, எடைச்சீட்டு இணைத்துள்ளோம். விலை 2,480, வரி 446.40, மொத்தம் 2,926.40 குறைத்து 1,46,934 என ஏற்றுகிறோம். பில்லில் 1,47,380 என உள்ளது வரி கழிக்காததால். ஒப்புக்கொண்டு கிரெடிட் நோட் அனுப்பவும்.’

‘சரி’ என்று பதில் வந்தால் அதையும் பில்லோடு அச்சடித்து வையுங்கள். பதில் வரவில்லை என்றால், தகராறு இல்லாத 1,46,934-ஐ மட்டும் கொடுத்து மீதி 2,926-ஐக் கடைக்காரர் பெயரிலேயே நிலுவையாகக் காட்டலாம். ஒப்பமில்லாத திருத்தத்தை நம்பி நிலுவையே இல்லாதது போலக் கணக்கை முடித்துவிட்டால், வருடக் கடைசியில் அவர் லெட்ஜரும் நம் லெட்ஜரும் ஒத்துவராமல் நிற்கும்.

ஐந்தாவது: கணக்கில் ஏற்றுவது

திருத்திய தொகையை நேரடியாகக் கொள்முதலாகப் போடத் தோன்றும். வேண்டாம். அப்படிப் போட்டால், கொள்முதலில் கொடுத்த வரியில் நீங்கள் திரும்ப எடுக்கக்கூடியதைக் காட்டும் ஜி.எஸ்.டி. பட்டியலான 2பி-யோடு ஒப்பிடும்போது இந்தப் பில் எண் ஒவ்வொரு மாதமும் வித்தியாசமாக வந்து நிற்கும்.

கொள்முதலை அச்சானபடி ஏற்றுங்கள்: மதிப்பு 1,27,000, வரி 22,860, கடைக்காரர் பெயரில் 1,49,860. அதே தேதியில், அந்தப் பில் எண்ணைக் குறிப்பிட்டு, வராத சரக்கின் தொகையைக் கழிக்கும் ஒரு டெபிட் நோட்: 40 கிலோ, 2,480, வரி 446.40, மொத்தம் 2,926.40. ரவுண்ட் ஆஃப் போட்டால் கடைக்காரர் கணக்கில் நிற்பது 1,46,934. கொடுத்த 50,000-ஐத் தனிப் பணப் பதிவாக ஏற்றினால் 96,934. பழைய பாக்கி 12,400 ஏற்கெனவே லெட்ஜரில் இருப்பதால் அது தானாகச் சேர்ந்து 1,09,334 காட்டும். கடைக்காரர் வட்டமிட்டது 1,09,780. இரண்டுக்கும் வித்தியாசம் அதே 446. ஒருவேளை லெட்ஜரில் பழைய பாக்கி 12,400 ஆக இல்லை என்றால் அது வேறு பில்லின் பிரச்சினை. இந்தப் பில்லைத் தொட்டு அதைச் சரிக்கட்டாதீர்கள்.

ஆறாவது: வரி எவ்வளவு எடுக்கலாம்

மாதாமாதம் தாக்கல் செய்யும் கடைக்காரர் தன் விற்பனை விவரத்தை அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள் போட வேண்டும். 14-ஆம் தேதி உங்கள் 2பி வரும். அதில் பெரும்பாலும் 22,860 தான் இருக்கும், ஏனென்றால் அவருடைய கம்ப்யூட்டருக்குப் பேனா தெரியாது.

2பி-யில் இருக்கிறதே என்று முழு 22,860-ஐயும் எடுக்கக் கூடாது. சரக்கு கைக்கு வந்திருக்க வேண்டும் என்பது ஜி.எஸ்.டி. சட்டம் 16(2)-இல் உள்ள நிபந்தனைகளில் ஒன்று. அந்த 40 கிலோ வரவே இல்லை. ஆகவே 22,413.60 மட்டும். மேலே சொன்ன டெபிட் நோட்டு 446.40-ஐத் தானாகக் குறைத்துவிடும். 2பி-யில் 22,413.60 என்றே வந்திருந்தால் கடைக்காரர் புதிய பில் அடித்திருக்கிறார், உங்களுக்கு அனுப்பவில்லை என்று பொருள். அதைக் கேட்டு வாங்குங்கள், பழையதை ‘ரத்து’ என்று எழுதிப் பின்னால் சேருங்கள்.

இங்கே ஒரு நுணுக்கம். எடை குறையாமல், விலை மட்டும் 62 அடித்து 60 ஆகியிருந்தால் கதை மாறும். சரக்கு முழுதும் வந்துவிட்டது. கடைக்காரர் வரியைத் தொடாமல் விலையில் மட்டும் விட்டுக்கொடுத்து, வரி முழுவதையும் அரசுக்குக் கட்டிவிட்டால், நீங்கள் அந்த வரியைக் குறைக்க வேண்டியதில்லை. தர வேண்டிய பணம் மட்டும் 3,000 குறையும். அவர் வரியோடு சேர்த்துக் கிரெடிட் நோட் போட்டால், வரியும் 540 குறையும். ஆகவே விலைத் திருத்தம் என்றால் ‘வரியோடா, வரி இல்லாமலா’ என்று ஒரு வார்த்தை கேட்காமல் ஏற்றாதீர்கள். எடைத் திருத்தத்தில் அந்தக் கேள்விக்கு இடமில்லை.

சொந்த வீடு கட்டுபவருக்கு இந்த வரிப் பகுதி முழுவதும் தேவையில்லை. அவர் வரியைத் திரும்ப எடுக்க முடியாது. தர வேண்டியது 1,46,934 என்று தெரிந்தால் போதும்.

கிரெடிட் நோட்டைக் கடைக்காரர் தள்ளிப்போட்டுக்கொண்டே போகலாம். அவருக்கும் ஒரு கெடு உண்டு: அந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30, அல்லது அவர் ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யும் நாள், இரண்டில் முந்தியது. அதைத் தாண்டினால் அந்த 446.40 அவர் கையை விட்டுப் போய்விடும். இதை நினைவூட்டினால் பெரும்பாலும் நோட் வந்துவிடும். அது அவர் பணம்.

தொகை கூடியிருந்தால்

மேல்நோக்கிய திருத்தம் அரிது, ஆனால் வரும்போது இன்னும் கடுமையாக நடந்துகொள்ள வேண்டும். 1,500 அடித்து 1,540 என்று கடைக்காரர் எழுதி, கூடுதலாக ஏற்றிவிட்டோம் என்கிறார். சரக்கு உண்மையிலேயே கூடுதலாக வந்திருந்தால் இருப்பில் ஏற்றுங்கள். ஆனால் கூடுதல் தொகைக்கு அவரிடமிருந்து டெபிட் நோட்டோ தனிப் பில்லோ வரும் வரை பணமும் தர வேண்டாம், வரியும் எடுக்க வேண்டாம். பேனாவில் எழுதிய வரியை அவர் அரசுக்குக் கணக்கில் காட்டினார் என்பதற்கு 2பி-யைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. பெங்களூரிலிருந்து ஓசூருக்கு வரும் லோடில் இது இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியது. அங்கே வரி ஐ.ஜி.எஸ்.டி. 18% என்று ஒரே வரிசை. மாநிலம் தாண்டுவதால் இ-வே பில் எல்லை 1 லட்சம் அல்ல, 50,000.

வரி வரிசையையே அடித்து, ஐ.ஜி.எஸ்.டி.யை சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. என்று பேனாவில் பிரித்திருந்தால் அதை ஏற்றவே வேண்டாம். தொகை ஒன்றாகத்தான் இருக்கும், ஆனால் பில் தவறான தலைப்பில் தாக்கலாகியிருக்கும். புதிய பில் கேளுங்கள்.

கோப்பில் வைப்பது

உங்கள் அலுவலகமே ஒரு பதிவைத் திருத்த நேர்ந்தால், ஜி.எஸ்.டி. விதி 56(8) சொல்வது இது: கணக்குகளிலும் ஆவணங்களிலும் எதையும் அழிக்கவோ மேலெழுதவோ கூடாது. தவறானதை அடித்து, சான்றொப்பமிட்டு, பிறகு சரியானதை எழுத வேண்டும். ஒயிட்னர் பாட்டில் கணக்கு மேஜையில் இருக்கவே கூடாது. அடித்த எண் படிக்கக்கூடியதாக இருக்க ஒற்றைக் கோடு போதும், குறுக்கும் நெடுக்குமாகக் கிறுக்க வேண்டாம்.

பில்லின் அசல், திருத்தம் தெரியும் ஜெராக்ஸ், எடைச்சீட்டு, இ-வே பில், வாட்ஸப் பதில், கிரெடிட் நோட் எல்லாம் ஒரே பின்னில் இருக்கட்டும். எடைமேடைச் சீட்டு பல இடங்களில் வெப்பத்தாளில் அடிக்கப்படுகிறது. சில மாதத்திலேயே எழுத்து மங்கி வெற்றுத்தாள் ஆகிவிடும். கணக்கு ஆவணங்களை ஆண்டுக் கணக்குத் தாக்கலின் கெடுநாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பதால், சீட்டு வந்த அன்றே அதற்கும் ஒரு ஜெராக்ஸ் எடுத்து, மேலே பில் எண்ணை எழுதி வையுங்கள்.